வாழைத்தோப்புல பாம்பு கண்ணுக்குத் தெரியல: கேம் பின்னணியில ஆள் தொலைஞ்ச அனுபவங்கள்

பனையோலை:
ஒன்றரை வருஷமா ஓடித் தாவுற ஒரு கேமைத் தனியா செஞ்சிட்டிருக்கேன். கதை நடக்கறது வாழைத்தோப்புல. ஹீரோவுக்குச் சிவப்புச் சட்டை. பச்சைக்கு நடுவுல சிவப்பு பளிச்சுனு தெரியும்னுதான் அதை எடுத்தேன்.

போன மாசம் சொந்தக்காரப் பசங்க அஞ்சு பேர் கையில கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். ரெண்டாம் நிலையில தரையில கிடக்கற பாம்புகிட்ட நாலு பேர் செத்தாங்க. குழியில விழுந்தா "ச்சே, சீக்கிரம் குதிச்சிட்டேன்"னு சொன்ன அதே பசங்க, பாம்புகிட்ட செத்ததும் "எது கடிச்சுது?"னு என்னைக் கேட்டாங்க. தப்பு அவங்க விரல்ல இல்ல, என் படத்துலனு அப்பதான் புரிஞ்சுது. ஒரு பையன் ஹீரோ எங்க நிக்கிறான்னே தெரியாம, சும்மா ஒரு தடவை குதிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சான்.

எனக்குப் புரியாதது என்னன்னா, கறுப்பு வெள்ளையா மாத்திப் பார்க்கற சோதனையை நான் முன்னாடியே செஞ்சிருந்தேன். அதுல சட்டையும் இலையும் நல்லாவே பிரிஞ்சு தெரிஞ்சுது. உங்க யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

கருமை:
ஆகியிருக்கு நண்பா. எல்லாத்துக்கும் கறுப்பு அவுட்லைன் போட்டேன், பிரச்சினை முடிஞ்சுது. ஹீரோ, எதிரி, முள், காசு எல்லாத்துக்கும் ரெண்டு பிக்சல். நீங்களும் போட்டுப் பாருங்க.

பேருந்தில்_ஒருவன்:
இது போன் பிரச்சினை சார். நான் தினமும் வேலைக்குப் போற பஸ்ஸுல விளையாடுறேன், ஜன்னல் வெயில்ல எந்த கேமும் தெரியாது. பிரைட்னஸை முழுசா வச்சா சரியாயிடும். பசங்க எந்த போன்ல விளையாடினாங்க?

பனையோலை:
லேப்டாப்லதான் சார், வீட்டுக்குள்ள. ஆனா வெயில்ல சோதிக்கணும்ங்கறது எனக்குத் தோணவே இல்ல, குறிச்சு வச்சுக்கறேன்.

தூரிகை:
தம்பி, கறுப்பு வெள்ளையாக மாற்றியது எந்த முறையில்? செறிவை (சாச்சுரேஷன்) பூஜ்யத்துக்கு இழுத்தீர்களா? அப்படியென்றால் சோதனைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. சட்டை, இலை இரண்டின் நிற எண்களையும் போடுங்கள்.

பனையோலை:
ஆமாண்ணா, ஸ்லைடரைத்தான் இழுத்தேன். சட்டை 200, 40, 40. நிழல்ல இருக்கற இலை 45, 85, 40.

தூரிகை:
அதேதான். பல மென்பொருள்களில் அந்த ஸ்லைடர், மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும், அவ்வளவுதான். உங்கள் சட்டைக்கு 120 வரும், இலைக்கு 62. அதனால் பிரிந்து தெரிந்தது.

நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணரும், சிவப்பை அதைவிடக் குறைவாக, நீலத்தை மிகமிகக் குறைவாக. அந்த எடையில் கணக்கிட்டால் சட்டைக்கு 74, இலைக்கு 73. வெளிச்ச அளவில் இரண்டும் ஒன்றே. நிறம் வேறாக இருந்தாலும், வேகமாக ஓடும் படத்தில் சின்ன உருவத்தின் ஓரத்தைக் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான். ஜிம்ப்பில் Desaturate போகும்போது `Lightness (HSL)` வேண்டாம், `Luma` தேர்ந்தெடுங்கள். கேமைச் செய்வது கோடோ 4இல் என்றால் திரை முழுக்க ஒரு ColorRect வைத்து இதைப் போடுங்கள், விளையாடிக்கொண்டே பார்க்கலாம்:

```
shader_type canvas_item;
uniform sampler2D scr : hint_screen_texture;
void fragment() {
    vec3 c = texture(scr, SCREEN_UV).rgb;
    float l = dot(c, vec3(0.2126, 0.7152, 0.0722));
    COLOR = vec4(vec3(l), 1.0);
}
```

கருமை சொன்ன அவுட்லைன் பாதி உண்மை. வெளிச்சமான பின்னணியில் அது அருமையாக வேலை செய்யும். இருட்டான இலைமேல் கறுப்புக் கோடு எதையும் பிரிக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போட்டால் காசுக்கும் முள்ளுக்கும் ஒரே முக்கியத்துவம் வந்துவிடும். நான் முதலில் தொடுவது பின்னணியை. உங்கள் இலைகளின்மேல் மூடுபனி நிறம் ஒன்றை 60 சதவீதம் கலந்து பாருங்கள்.

கருமை:
என் கேம் பாலைவனம். மணல் எல்லாமே வெளிர் நிறம். அதனாலதான் எனக்குச் சரியா வந்திருக்கு போல. குகை நிலை இன்னும் வரையல, அதுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டது நல்லதாப் போச்சு.

செம்மண்:
எனக்குப் பிறவியிலேயே சிவப்பு சரியாத் தெரியாது. மத்தவங்களுக்குப் பளிச்சுனு இருக்கற சிவப்பு எனக்கு ரொம்ப இருட்டாத்தான் விழும். அதனால 74ங்கற உங்க எண்ணும் எனக்குப் பொருந்தாது, இன்னும் கீழ இருக்கும். ஒரு கேம்ல விஷப்பழம் சிவப்பு, தின்னக்கூடிய பழம் பச்சை. உருவம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். எட்டு தடவை செத்த பிறகு விட்டுட்டேன். ஆபத்தை நிறத்தால மட்டும் சொல்லாதீங்க. கூரா இருக்கட்டும், இல்ல துடிக்கட்டும். அது எனக்கும் தெரியும்.

பனையோலை:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். தூரிகை அண்ணா சொன்ன மாதிரி இலைமேல 200, 215, 210 நிறத்தை 60 சதவீதம் கலந்தேன். இலை 138, 163, 142 ஆயிடுச்சு. வெளிச்சம் 156. சட்டையைத் தொடவே இல்ல, 74லயே இருக்கு. ஹீரோ இப்ப தூரத்துல இருந்தே தெரியறான்.

ஆனா பாம்பு தெரியல! அது கிடக்கறது மண்தரைமேல, தரையும் இருட்டு, பாம்பும் இருட்டு. பாம்பை வெளிறாக்கினா கல்லு மாதிரி ஆயிடுது. செம்மண் சொன்னதைப் படிச்ச பிறகு நிறத்தை விட்டுட்டு உருவத்துக்குப் போனேன். எல்லாத்தையும் கறுப்பால நிரப்பி, திரையில வர்ற 48 பிக்சல் அளவுலயே பார்த்தேன். படுத்திருக்கற பாம்பு தரையோட ஒரு மேடு, அவ்வளவுதான். இப்ப அது படம் எடுத்து நிக்குது. தலை தரைக்கோட்டுக்கு மேல 20 பிக்சல் எழும்புது, பின்னாடி வெளிறிய இலை இருக்கறதால படம் அப்படியே வெட்டி ஒட்டின மாதிரி தெரியுது.

கறுப்பால நிரப்பினதுல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. குனிஞ்ச ஹீரோவும் குரங்கும் ஒரே உருவம். குரங்குக்கு வாலைத் தலைக்கு மேல தூக்கிட்டேன்.

தூரிகை:
அந்தக் கறுப்பு உருவச் சோதனையை விடாதீர்கள். 2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2இல் ஒன்பது வகை வீரர்களையும் உருவக்கோட்டை வைத்தே பிரித்தறிய வேண்டும் என்று வடிவமைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: உடல் காலில் இருட்டாகத் தொடங்கி மார்புக்கு வரும்போது வெளிச்சமாகும். ஆயுதம் பிடித்திருப்பது அங்கேதான், கண் அங்கே போகவேண்டும்.

ஒரு கேள்வி: உங்கள் இலைகள் ஆடுகின்றனவா?

பனையோலை:
ஆடுதுண்ணா. எல்லா அடுக்கும், பக்கத்துக்கு 6 பிக்சல்.

தூரிகை:
ஹீரோவுக்கு நேர் பின்னால் இருக்கும் அடுக்கை மட்டும் நிறுத்துங்கள். கண் ஹீரோமேல் இருக்கும்போது ஓரத்தில் வரும் எதிரியை அசைவால்தான் பிடிக்கிறோம். எல்லாம் அசைந்தால் எதிரியின் அசைவு அதில் கரைந்துவிடும்.

நீலமலை:
பின்னணி வரையறவ என்கிற முறையில ஒரு வருத்தத்தைச் சொல்லணும். ஒரு திட்டத்துல நான் மூணு வாரம் வரைஞ்ச காட்டை ஒரே ஸ்லைடர்ல வெளிறாக்கினாங்க. காரணம் எனக்குப் புரியுது, ஆனா இடத்தோட உயிரே போயிடுச்சு. 60 சதவீதத்தைப் படம் முழுக்கப் போடாதீங்க. ஆள் ஓடற பட்டையில மட்டும் பனி இருக்கட்டும், மேல வாழைத்தார் தொங்கற இடத்துல நிறம் முழுசா இருக்கட்டும். அங்க யாரும் சண்டை போடப் போறதில்ல.

தூரிகை:
நான் முழுக்கப் போடத்தான் சொல்வேன். தாவும்போது ஆள் மேலேயும் போவான் அல்லவா?

பனையோலை:
தாவற உயரம் 140 பிக்சல்தான், அதனால அக்கா சொன்னதைத்தான் செய்யப் போறேன். இலையாட்டத்தையும் அந்த அடுக்குல நிறுத்திட்டேன். நேத்து மூணு புதுப் பசங்க விளையாடினாங்க. ஒருத்தன் பாம்புகிட்ட செத்தான், "லேட்டாக் குதிச்சிட்டேன்"னு சொன்னான்.

இப்ப நாலாம் நிலையில மாட்டிக்கிட்டேன். ராத்திரி, ஹீரோ கையில தீப்பந்தம். அவன் நடக்க நடக்க பின்னாடி இலையோட வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கு. பக்கத்துல வந்தா ஆள் இருட்டு, இலை வெளிச்சம். தூரத்துல இருக்கற குரங்குக்குப் பின்னாடி எல்லாமே இருட்டு. ஓரத்துல வெளிர்க் கோடு போட்டா ஓடும்போது மினுங்குது. இப்படி நகர்ற விளக்கோட யாராவது செஞ்சிருக்கீங்களா?