கேட்டரிங் ஒப்பந்தம் கைமாறினால் யார் பொறுப்பு?

“தொழிலை விற்றாச்சு. மீதி 9 மாதச் சாப்பாட்டு ஒப்பந்தமும் வாங்கியவர் கைக்குப் போயிடுச்சு. இனி எனக்குப் பொறுப்பு இல்லைதானே?”

இருக்கிறது. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய 24,000 வெள்ளியை நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு வாங்கியவருக்கு எழுதிக்கொடுக்கலாம், ஒப்பந்தம் அதைத் தடுக்காத வரை. சிங்கப்பூர் சிவில் சட்டம் 4(8) பிரிவின்படி, வாடிக்கையாளருக்கு எழுத்தில் அறிவிப்பு போனால் வாங்கியவரே தம் பெயரில் வழக்குப் போடலாம். அறிவிப்பு போகாவிட்டால்? வாடிக்கையாளர் பழைய பழக்கத்தில் உங்களிடமே கட்டினாலும் அவர் கடன் தீர்ந்தது. அறிவிப்புக்கு முன்பே கெட்ட சாப்பாட்டுக்குக் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தால், அந்தக் கழிவு வாங்கியவர் தலையிலும் விழும்.

சமைத்துப் போடும் கடமை அப்படி நகராது. வாங்கியவர் சொதப்பினால் நஷ்டஈடு உங்களிடம்தான் கேட்பார்கள். நீங்கள் விடுபட, பழைய ஒப்பந்தம் முடிந்து வாங்கியவரோடு புதியது பிறக்க வேண்டும். இதுதான் ‘நோவேஷன்’. இதற்கு நீங்கள், வாங்கியவர், வாடிக்கையாளர் மூவரும் சம்மதிக்க வேண்டும்.

“தலைப்பில் ‘நோவேஷன்’ என்று போட்டால் போதும்” என்று ஒருவர் சொன்னார். அது போதாது. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாத தாள், தலைப்பு எதுவானாலும், உங்களை விடுவிக்காது. பழைய புகார்களுக்கு யார் பொறுப்பு என்று தேதி போட்டு எழுதுங்கள். பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

“மூன்று மாதமா வாடிக்கையாளர் வாங்கியவர் அனுப்புற பில்லைத்தானே கட்டுறாங்க, அது சம்மதம் இல்லையா?” என்று ஓர் அக்கா கேட்டார். நடத்தையாலும் சம்மதம் வரலாம். ஆனால் பணம் கட்டியது மட்டும் உங்களை விடுவித்ததாகாது. வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது.