விருந்தினர் செக்அவுட்: முகவரிப் படிவத்தில் ஒரு சிக்கல், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து முறுக்கு, சீடை விற்கும் சின்ன ஆன்லைன் கடை எங்களுடையது, வூகாமர்ஸில் ஓடுகிறது. கூடையில் போட்டவர்கள் பாதிப்பேர் கணக்குத் தொடங்கச் சொல்லும் பக்கத்திலேயே போய்விட்டார்கள் என்பதால் அதை எடுத்துவிட்டேன். கணக்கு வேண்டுமா என்று இப்போது ஆர்டர் முடிந்த பிறகுதான் கேட்கிறேன். பதினொரு கட்டங்களும் ஐந்தாகிவிட்டன: பெயர், மொபைல், பின்கோடு, வீட்டு எண்ணும் தெருவும், அருகிலுள்ள அடையாள இடம். ஊரும் மாநிலமும் பின்கோடிலிருந்து தானாக வரும்.

சிக்கல் அங்கேதான். ஒரே பின்கோடில் பல கிராமங்கள் இருக்கின்றன, நான் முதல் தபால் நிலையத்தின் பெயரையே ஊராகப் போட்டுவிடுகிறேன், பார்சல் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. தபால் நிலையங்களைப் பட்டியலாகக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா, இல்லை ஊர்ப்பெயரைத் திருத்தும்படி திறந்து விட்டாலே போதுமா?

இன்னொன்று, மொபைல் கட்டத்தில் `maxlength="10"` போட்டிருந்தேன். பிரவுசர் தானாக நிரப்பும்போது +91 சேர்ந்து வர, கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டு, கூரியர்க்காரரால் போன் செய்யவே முடியவில்லை! இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்:

```
<input type="tel" autocomplete="tel">
```

இடைவெளியையும் +91-ஐயும் சர்வரில் நீக்குகிறேன். சரிதானா?

அப்புறம், மறுபடி வரும் விருந்தினருக்கு மொபைல் எண்ணை வைத்துப் பழைய முகவரியைக் காட்ட ஆசை, ஆனால் ஓடிபி இல்லாமல் காட்டினால் யார் வேண்டுமானாலும் அடுத்தவர் வீட்டு முகவரியைப் பார்த்துவிடலாமே. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?