காதுவலிக்கு அமாக்சிசிலின் போதாதா, செஃபிக்ஸிமுக்கு மாற வேண்டுமா?

பென்னாகரம் அப்பா
என் மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. காய்ச்சலும் காதுவலியும் வந்ததால் மருத்துவரிடம் காட்டினோம். செவிப்பறை சிவந்து புடைத்திருப்பதாகச் சொல்லி அமாக்சிசிலின் எழுதினார். இரண்டு நாள் முடிந்தும் காய்ச்சல் 101-க்குக் குறையவில்லை. மருந்துக்கடையில், “அது பழைய மருந்து, செஃபிக்ஸிம்தான் ஸ்ட்ராங்” என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

ஓசூர் மருந்தாளுநர்
கடைக்காரர் சொன்னதை முழுவதும் தள்ளிவிட முடியாது. காதில் சீழ் பிடிக்கவைக்கும் ஹீமோஃபிலஸ் கிருமிகளில் ஒரு பகுதி, அமாக்சிசிலினை உடைத்துப் போடும் நொதியைச் சுரக்கிறது. அந்த நொதி செஃபிக்ஸிமை எளிதில் உடைப்பதில்லை. செஃபிக்ஸிம் மூன்றாம் தலைமுறை மருந்து, பல வகைக் கிருமிகளைக் கொல்லும், நாளுக்கு ஒரு முறை கொடுத்தாலும் போதும். மருந்தைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் குழந்தைக்கு இந்தக் கடைசி வசதி சிறியதல்ல.

அரூர் ஆசிரியை
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன ஆண்டு என் மகளுக்குப் பத்து நாள் காய்ச்சல். முதலில் கொடுத்த அமாக்சிசிலின் கேட்கவே இல்லை. இரத்தப் பரிசோதனை செய்து டைஃபாய்டு என்று கண்டுபிடித்து செஃபிக்ஸிம் கொடுத்த பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. அன்றிலிருந்து எந்தக் காய்ச்சலுக்கும் நான் அதையே கேட்டு வாங்குகிறேன்.

கிருஷ்ணகிரி குழந்தை மருத்துவர்
ஆசிரியை அவர்களே, உங்கள் மகளுக்குக் குடலில் நுழைந்து இரத்தத்தில் பரவும் கிருமி இருந்தது. அதற்கு செஃபிக்ஸிம் நல்ல மருந்து, நானும் எழுதுகிறேன். இந்தக் குழந்தைக்கோ காதில் தொற்று. காதிலும் நுரையீரலிலும் நாம் முதலில் அஞ்ச வேண்டியது நிமோகாக்கஸ் என்ற கிருமியைத்தான். அங்கே செஃபிக்ஸிம் அமாக்சிசிலினைவிட வலுக் குறைந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நிமோகாக்கஸின் சுவரைக் கட்டும் புரதங்களில் அமாக்சிசிலின் அளவுக்கு செஃபிக்ஸிம் பிடித்துக்கொள்வதில்லை. தவிர, குடித்த செஃபிக்ஸிமில் ஏறத்தாழப் பாதிதான் குடலிலிருந்து இரத்தத்துக்குள் போகிறது. போனதிலும் பெரும்பகுதி இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், காதுக்குள் விடுபட்ட நிலையில் வேலை செய்யும் மருந்து குறைவு. அமாக்சிசிலின் பெரும்பாலும் முழுமையாக உள்ளே போகும், புரதத்தோடு ஒட்டுவதும் கொஞ்சம்தான். எத்தனை வகைக் கிருமிகளைக் கொல்லும் என்பது ஒரு கேள்வி, இந்தக் கிருமியை எவ்வளவு நன்றாகக் கொல்லும் என்பது வேறு கேள்வி. கடையில் இரண்டையும் ‘ஸ்ட்ராங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

பென்னாகரம் ஐயா, புட்டியின் மேல் என்ன அளவு அச்சிட்டிருக்கிறது, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, நாளுக்கு எத்தனை முறை கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பென்னாகரம் அப்பா
5 மில்லியில் 125 மி.கி. என்று இருக்கிறது. மூன்று வேளையும் 5 மில்லி கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் பகலில் குழந்தை அங்கன்வாடியில் இருப்பதால் மதிய வேளை இரண்டு நாளும் தவறிவிட்டது. கிளினிக்கில் கூட்டமாக இருந்தது, எடை பார்க்கவில்லை. 12 கிலோ என்பது வீட்டில் பார்த்த எடை.

கிருஷ்ணகிரி குழந்தை மருத்துவர்
அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று வேளையும் தவறாமல் கொடுத்திருந்தாலும் நாளுக்கு 375 மி.கி., அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 31 மி.கி. மதிய வேளை தவறியதால் உண்மையில் போனது 250 மி.கி., கிலோவுக்கு 21 மி.கி. காதுத் தொற்றுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் அளவு நாளுக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி. வரை. அதில் நான்கில் ஒரு பங்குதான் குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது. இதை வைத்து மருந்து தோற்றது என்று சொல்ல மாட்டேன்.

எழுதியவரைக் குறை சொல்வதும் என் நோக்கமல்ல. கிலோவுக்கு 40 மி.கி. என்ற பழைய கணக்கில் பழகியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். நீங்களாக அளவைக் கூட்டிவிடவும் வேண்டாம். நாளை காலை அதே மருத்துவரிடம் குழந்தையைக் காட்டி, எடை பார்த்து, வேளை தவறியதையும் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் வீக்கமோ, காது மடல் முன்னால் தள்ளி நிற்பதோ, கழுத்து விறைப்போ, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பதோ தெரிந்தால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓசூர் மருந்தாளுநர்
டாக்டர், கணக்கை ஏற்கிறேன். ஆனால் நிமோகாக்கஸே பென்சிலினுக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டால், அதே குடும்பத்து மருந்தை இரண்டு மடங்காக ஊற்றி என்ன பயன்? பூட்டு மாறிய பிறகு பழைய சாவியைப் பலமாகத் திருகுவது போல இருக்கிறதே.

கிருஷ்ணகிரி குழந்தை மருத்துவர்
நல்ல கேள்வி. நிமோகாக்கஸ் மருந்தை உடைக்கும் நொதியைச் சுரப்பதில்லை. மருந்து ஒட்டும் புரதத்தின் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது, அதனால் பிடி தளர்கிறதே தவிர அறுந்துபோவதில்லை. மருந்தின் செறிவு கூடி, நாளில் அதிக நேரம் நிலைத்தால், தளர்ந்த பிடியும் பெரும்பாலான சமயங்களில் போதுமானதாகிவிடும். கூடுதல் அளவு கொடுக்கும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. பிடி தளர்ந்த அதே கிருமியிடம் செஃபிக்ஸிம் இன்னும் மோசமாகத் தோற்கும். இப்படி மிகவும் உயர்ந்த எதிர்ப்புள்ள கிருமியிடம் அமாக்சிசிலினும் தோற்பதுண்டு, அப்போது ஊசி மருந்து தேவைப்படலாம்.

ஹீமோஃபிலஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அங்கே செஃபிக்ஸிமின் கை ஓங்கும். ஆனால் ஹீமோஃபிலஸ் காதுவலி பல குழந்தைகளில் தானாகவே அடங்குகிறது, நிமோகாக்கஸ் அவ்வளவு எளிதில் விட்டுப்போவதில்லை. நொதியைத்தான் சமாளிக்க வேண்டும் என்றால் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்து இருக்கிறது. கடந்த ஒரு மாதத்துக்குள் அமாக்சிசிலின் குடித்த குழந்தைக்கும், காதுவலியோடு கண்ணில் பீளை தள்ளும் குழந்தைக்கும் நான் அதையே முதலில் எழுதுவேன்.

ஓசூர் மருந்தாளுநர்
அப்படியானால் எல்லாருக்கும் முதலிலேயே கிளாவுலானிக் சேர்ந்ததைக் கொடுத்துவிடலாமே? என் கடையில் பாதிச் சீட்டுகள் அப்படித்தான் வருகின்றன.

கிருஷ்ணகிரி குழந்தை மருத்துவர்
வயிற்றுப்போக்கு கூடும், செலவும் கூடும். ஆனாலும் நம் வட்டாரத்தில் நொதி சுரக்கும் ஹீமோஃபிலஸ் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்து என் சக மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதில் உங்களை முழுவதும் மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

அரூர் ஆசிரியை
தேவையற்ற இடத்தில் செஃபிக்ஸிம் கொடுத்தால் என் மகளுக்கு என்ன நட்டம்? நோய் தீராவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

கிருஷ்ணகிரி குழந்தை மருத்துவர்
உங்கள் மகளுக்கு மறுபடியும் டைஃபாய்டோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், வாய்வழி மருந்துகளில் நாம் நம்பும் ஒன்று அதுதான். ஒவ்வொரு முறை அது குடலுக்குள் போகும்போதும், அங்கே வாழும் ஈ.கோலை போன்றவற்றில் அதைத் தாங்கும் வகைகள் தங்கிப் பெருகுகின்றன. உலக சுகாதார அமைப்பு அமாக்சிசிலினை முதலில் எடுக்கத்தக்க பிரிவிலும், செஃபிக்ஸிமை எதிர்ப்பு பெருகும் என்று கவனித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவிலும் வைத்திருக்கிறது.

பென்னாகரம் அப்பா
இன்று காலை போய் வந்தோம். எடை 12 கிலோவேதான். 5 மில்லியில் 250 மி.கி. உள்ள மருந்தைக் காலையும் இரவும் 10 மில்லி வீதம் ஏழு நாள் கொடுக்கச் சொன்னார்கள். மதிய வேளை இல்லாதது நிம்மதி. ஆனால் கடையில் 30 மில்லி புட்டிதான் இருந்தது, ஏழு நாளுக்கு ஐந்து புட்டி ஆகிறது. கடைக்காரர், “செஃபிக்ஸிம் என்றால் இவ்வளவு தூக்க வேண்டாமே” என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

ஓசூர் மருந்தாளுநர்
ஐந்தையும் ஒரே நேரத்தில் கலக்கிவிடாதீர்கள். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததில், கொதித்து ஆறிய நீரைக் குறி வரை மட்டும் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் மருந்து நீர்த்துப்போய், அளவுக் கணக்கு மறுபடியும் கெட்டுவிடும். வீட்டுக் கரண்டியும் வேண்டாம், மூடியோடு வரும் அளவுக் குப்பியில் ஊற்றிக் கொடுங்கள்.

பென்னாகரம் அப்பா
மூன்றாம் நாள் இது. காய்ச்சல் விட்டது, இரவு தூங்குகிறான். ஆக, கூட்டிய அளவுதான் வேலை செய்திருக்கிறது, இல்லையா டாக்டர்?

கிருஷ்ணகிரி குழந்தை மருத்துவர்
இருக்கலாம். தானாகவே அடங்கும் கட்டத்துக்கும் வந்திருக்கலாம். ஒரு குழந்தையை மட்டும் வைத்து அதைப் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. கடைசிப் புட்டி வரை கொடுத்து முடியுங்கள்.