எங்கள் லாட்ஜுக்கு ஸ்ட்ராட்டஜி கேன்வாஸ்: ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. மதுரை மாட்டுத்தாவணி பக்கம் சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். அதற்கு ஒரு ஸ்ட்ராட்டஜி கேன்வாஸ், அதாவது நாங்களும் போட்டியாளர்களும் எதில் எவ்வளவு தருகிறோம் என்று கோடுகளாகக் காட்டும் வரைபடம், வரைந்துகொண்டிருக்கிறேன். கிடையாக வாடகை, ஏசி, டிவி, ரூம் சர்வீஸ், படுக்கை, குளியலறைச் சுத்தம், அமைதி, செக்-இன் நேரம். நெடுக்காக 0 முதல் 5 வரை மதிப்பெண். வாடகைக்கு மட்டும் அதிக மதிப்பெண் என்றால் அதிக விலை.

பக்கத்து லாட்ஜ்கள், ஆப்பில் வரும் ஓட்டல்கள், நாங்கள் என மூன்று கோடு போட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன. அப்படியென்றால் போட்டி விலையில் மட்டும்தான் என்று அர்த்தம்.

1985-இல் பிரான்சில் அக்கோர் நிறுவனம் தொடங்கிய ஃபார்மூல் 1 ஓட்டல்களில் உணவகம், வரவேற்பறை வசதிகளை வெட்டிவிட்டு படுக்கை, சுத்தம், அமைதியை உயர்த்தினார்கள். அவர்கள் கோடு தனியாகப் பிரிந்தது.

எங்களிடம் விடியற்காலை 4 மணிக்கு பஸ்ஸில் இறங்கி, குளித்துவிட்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. மூன்று மணி நேரத்துக்கு முழுநாள் வாடகை கேட்டால் கட்டணக் குளியலறைக்குப் போய்விடுகிறார்கள். அப்போது அந்தக் குளியலறையையும் நான்காவது கோடாகப் போடலாமா? பெண்கள் உடை மாற்ற இடம், பை வைக்க இடம் என்று புதுக் காரணிகளையும் சேர்க்கலாமா?

அப்புறம், மதிப்பெண்ணை நான் போடுவதா, விருந்தினரிடம் கேட்பதா? தங்காமல் திரும்பிப் போனவர்களிடம் எப்படிக் கேட்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.