பொருள்: ‘இன்டர்வல் ஸ்கேல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுமுறைப் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். லிக்கர்ட் அளவுகோல் பகுதியில் ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

ஒரு கூற்றைக் கொடுத்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறோம். அப்புறம் 5, 4, 3, 2, 1 என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கிறோம். இந்த எண்கள் ‘ஆர்டினலா’ ‘இன்டர்வலா’ என்பதுதான் சர்ச்சை. முதலாவதற்கு ‘வரிசை அளவை’ என்று எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு ‘இடைவெளி அளவை’ புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவிலும் இடைவெளி இருக்கிறதே, அப்படியென்றால் என்ன வேறுபாடு?” எனக்கு உடனே பதில் வரவில்லை. வேறுபாடு இடைவெளி சமமாக இருப்பதில் இருக்கிறது. அந்தச் ‘சமம்’ சொல்லுக்குள் இல்லை. ‘சம இடைவெளி அளவை’ என்று போடலாமா?

கோ. எழுதியது:

அம்மா, உங்கள் மாணவியின் கேள்வி அருமை. ஆனால் ‘சம’ வேண்டாம், அது வடசொல். ‘சீரிடை அளவுகோல்’ என்கிறேன். சீரான இடை, சீரிடை. புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. ‘அளவை’ என்பதையும் விட்டுவிடுங்கள். மணிமேகலையில் அளவைவாதி வருகிறான். அங்கே அளவை என்றால் ஒன்றை அறிவதற்கான வழி, பிரமாணம். கருவிக்கு ‘கோல்’ போதும்.

‘ஆர்டினலுக்கு’ ‘நிரல்கோல்’ என்று வைத்தால் இன்னும் அழகு. தொல்காப்பியர் சொன்ன நான்கு பொருள்கோள்களில் நிரல்நிறை ஒன்று. பெயர்கள் ஒரு வரிசையில் நிற்கும், அவற்றுக்கு உரிய வினைகள் அதே வரிசையில் நிற்கும். எது எதோடு சேரும் என்பதை இடம் மட்டுமே சொல்லும், தூரம் சொல்லாது. சமஇடைவெளியும் நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அளந்தவர்கள்தாமே நாம்.

வ. எழுதியது:

கோ. ஐயா, நிரல்நிறை ஒப்புமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘நிரல்’ இன்று கணினிக்குப் போய்விட்டது. மாணவர்கள் ‘நிரல்கோல்’ என்றால் மென்பொருள் என்றே நினைப்பார்கள். ‘சீர்’ என்றதும் யாப்பு தெரிந்தவருக்கு அசையும் தளையும் நினைவுக்கு வரும்.

மாத்திரை உதாரணமும் ஒரு படி தாண்டிவிடுகிறது. நெடில் குறிலைப்போல் இரு மடங்கு நீளம் என்று சொல்ல முடிகிறது அல்லவா? அது விகித அளவை. சமஇடைவெளியில் மடங்கு சொல்ல முடியாது. 40 டிகிரி செல்சியஸ் 20 டிகிரியைப்போல் இரு மடங்கு வெப்பம் இல்லை, ஆனால் 20-லிருந்து 30-க்கும் 30-லிருந்து 40-க்கும் ஏற்றம் ஒன்றே. இந்த வகைப்பாட்டை ஸ்டீவன்ஸ் 1946-இல் எழுதினார்.

சமம் என்ற சொல் ஏன் விடக்கூடாதது என்பதற்கு ஒரு கணக்கு. முதல் குழுவில் நான்கு பேர், எல்லோரும் 4. சராசரி 4. இரண்டாம் குழுவில் மூவர் 5, ஒருவர் 2. சராசரி 4.25. இரண்டாம் குழுவே அதிகம் உடன்படுகிறது என்று எழுதிவிடுவோம். இப்போது ‘உடன்படுகிறேன்’, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மற்ற தூரங்களில் பாதிதான் என்று வையுங்கள். 5 இருந்த இடத்தில் 4.5 வரும். இரண்டாம் குழுவின் சராசரி 3.875 ஆகிவிடும். யாரும் பதிலை மாற்றவில்லை, வரிசையும் மாறவில்லை, முடிவு மட்டும் தலைகீழ்.

இ. எழுதியது:

அதனால்தான் எங்கள் துறையில் சராசரியே எடுக்கக் கூடாது என்பார்கள். இடைநிலை மட்டும் போடுங்கள், வேலை முடிந்தது. சொல்லைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

வ. எழுதியது:

பாதி சரி, இ. ஒரே ஒரு கூற்றின் பதில் என்றால் உங்களோடு நிற்கிறேன். ஆனால் லிக்கர்ட் 1932-இல் முன்வைத்தது ஒற்றைக் கூற்றை அல்ல, பல கூற்றுகளின் மதிப்பெண்களைக் கூட்டி வரும் தொகையை. அவர் முதலில் ஒவ்வொரு பதிலுக்கும் இயல்நிலைப் பரவலிலிருந்து கடினமான முறையில் மதிப்புக் கணக்கிட்டார். பிறகு வெறும் 1 முதல் 5 வரை போட்டுப் பார்த்தார். இரண்டு தொகைகளும் ஏறக்குறைய முழுவதும் ஒத்துப்போயின, அதனால் எளியதை வைத்துக்கொண்டார். பத்து இருபது கூற்றுகளைக் கூட்டும்போது ஒவ்வொன்றின் சிறு கோணலும் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. வரிசை எண்ணுக்குச் சராசரி ஆகாது என்ற ஸ்டீவன்ஸே, அப்படிச் செய்தும் பல நேரம் பயன் கிடைக்கிறது என்று அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். ‘கூற்று’, ‘அளவுகோல்’ இரண்டையும் செ. பிரித்து எழுதினாலே பாதிச் சண்டை தீரும்.

தா. எழுதியது:

நான் புள்ளியியல் ஆள் இல்லை, வினாத்தாளோடு வீடு வீடாகப் போகிறவள். நீங்கள் கேட்டது இதுவா என்றும் தெரியவில்லை. செ. அம்மா எழுதிய ‘முற்றிலும் உடன்படவில்லை’ என்பதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. ஒரு பெரியவர் அதைக் குறித்துவிட்டு, “ஓரளவு சம்மதம்தான்மா, முழுசா இல்ல” என்றார். அதாவது ‘உடன்படவில்லை’யை விட மென்மையானது என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கவனித்தேன், அவர் மட்டும் அல்ல.

‘நடுநிலை’யும் அப்படித்தான். கருத்தே இல்லாதவர்கள்கூட அதைப் பெருமையோடு குறிக்கிறார்கள். நடுநிலை தவறாதவர் என்று பெயர் எடுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வ. எழுதியது:

தா. அம்மா, இந்த இழையில் மிக முக்கியமான மடல் உங்களுடையது. ‘முற்றிலும்’ என்பது ‘உடன்பட’ என்பதோடு சேர்கிறதா, ‘இல்லை’யோடு சேர்கிறதா என்பது தமிழில் திறந்தே இருக்கிறது. நாங்கள் இடைவெளி சமமா என்று வாதிடுகிறோம், இங்கே வரிசையே நிற்கவில்லை.

செ. சோதித்துப் பார்க்கலாம். ஒரு கூற்றில் 1 குறித்தவர்களையும் 2 குறித்தவர்களையும் பிரியுங்கள். அந்தக் கூற்றை விட்டுவிட்டு மற்றக் கூற்றுகளில் அவர்கள் எடுத்த தொகையைப் பாருங்கள். 1 குறித்தவர்களின் தொகை குறைவாக இருக்க வேண்டும். பல கூற்றுகளில் அது கூடுதலாக வந்தால் சொற்கள் இடம் மாறிப் படிக்கப்படுகின்றன என்று பொருள்.

‘முற்றிலும் மறுக்கிறேன், மறுக்கிறேன்’ என்று வைத்தால் இருபொருள் போய்விடும். நடுவில் லிக்கர்ட் வைத்தது ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற பொருளில்தான்.

கோ. எழுதியது:

‘மறுக்கிறேன்’ கடுமையான சொல். முகத்துக்கு நேரே மறுப்பதும் மனத்துக்குள் உடன்படாமல் இருப்பதும் ஒன்றா? ‘உடன்படுகிறேன்’ என்பதற்கு எதிரே அதை வைத்தால் மறுபக்கத்துத் தூரம் நீண்டுவிடும். வ. சொல்லும் சமம் அங்கேயே உடையும்.

வ. எழுதியது:

உண்மைதான். ‘ஏற்கிறேன், மறுக்கிறேன்’ என்று இரு பக்கமும் மாற்றினால் எடை ஓரளவு ஒத்துவரும். அப்போதும் தூரம் சமம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வரிசை கெடாமல் இருப்பதற்கு மட்டும் பொறுப்பேற்கிறேன்.

செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வினாத்தாளில் ‘முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன், முடிவு செய்யவில்லை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன்’ என்று மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் வகுப்பில் கொடுத்து, வ. சொன்ன சோதனையைச் செய்கிறேன். பாடக்குறிப்பில் ‘வரிசை அளவுகோல்’, ‘சமஇடைவெளி அளவுகோல்’ என்று போகிறது. தனிமடலில் வந்தவர்களையும் சேர்த்து இதற்குத்தான் ஆதரவு அதிகம்.

கோ. எழுதியது:

‘கோல்’ நின்றதில் மகிழ்ச்சி. ‘சம’வில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது ‘சீரிடை’யை மறுபடியும் எடுத்து வருவேன்.

தா. எழுதியது:

‘முடிவு செய்யவில்லை’ என்று குறிப்பவர்களிடம், “எப்போது முடிவு செய்வீர்கள், திரும்ப வரட்டுமா?” என்று கேட்க வேண்டுமா, அம்மா? தெரியாது என்பவர்களை எங்கே குறிப்பது?