புதுப்பிப்பு: கார்டு அறிக்கையில் வந்த அந்நியப் பெயர்
முன்பு நான் கேட்டது: "மார்த்தாண்டத்தில் செருப்புக் கடையில் கார்டு தேய்த்தேன், அறிக்கையில் ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஊர் நாகர்கோவில் என்று இருக்கிறது. மோசடியா?"

மோசடி இல்லை. ஸ்வைப் மெஷின் தந்த சீட்டிலுள்ள அனுமதி எண்ணை என் வங்கியிடம் சொன்னேன். அந்தப் பற்றுக்குரிய எண்ணும் அதுவே என்று உறுதிப்படுத்தினார்கள். கடைக்காரர் மெஷினுக்கு விண்ணப்பித்தபோது ஜிஎஸ்டி பதிவிலும் நடப்புக் கணக்கிலும் இருந்த தம் தந்தையின் நிறுவனப் பெயரையும் நாகர்கோவில் முகவரியையும் கொடுத்திருக்கிறார். பலகைப் பெயர் பிறகு வைத்தது. வங்கிக்கு மெஷின் அனுப்புவது பதிவான பெயரைத்தான், அதுவும் சுமார் 25 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் நீளமான பெயர்கள் பாதியில் அறுபடும்.

பக்கத்துக் கடையின் மெஷினாக இருக்கும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் வங்கி ஒப்பந்தம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை, இங்கே நடந்தது அதுவுமல்ல. வங்கியில் பணிபுரிந்த அண்ணன் ஒருவர் சீட்டைத் தேடச் சொன்னதே உதவியது (வெப்பத்தாள், அதற்குள் பாதி வெளுத்திருந்தது).

தக்கலை அக்கா கேட்ட, பெட்ரோல் பங்கில் இரண்டு முறை பணம் பிடித்த விஷயம் வேறு. அதற்குப் பெயர் காரணமல்ல. பெயரை மாற்றித்தரக் கடைக்காரர் வங்கியிடம் கேட்டிருக்கிறார், இன்னும் மாறவில்லை.