சொதிக்கு டின் தேங்காய்ப்பால்: கொழுப்புக் கணக்கு இடிக்கிறது

நெல்லைமகள், ஜெர்மனி:
அம்மா திருநெல்வேலியில் ஆறு பேருக்குச் சொதி வைக்க ஒரு பெரிய தேங்காயைத் துருவுவார். எடை போடச் சொன்னேன், துருவல் 250 கிராம். நூறு கிராம் தேங்காயில் 33 கிராம் அளவுக்குக் கொழுப்பு என்பதால் மொத்தம் 83 என்று எழுதிக்கொண்டேன். இங்கே நான் 400 மில்லி டின் ஒன்றை முழுதாக ஊற்றுகிறேன். டின்னில் 100 மில்லிக்கு 18 கிராம் என்று போட்டிருக்கிறது, ஆக 72. கணக்குப்படி என் சொதியில்தான் கொழுப்புக் குறைவு. ஆனால் ஆறியதும் மேலே வெள்ளையாக ஏடு கட்டுகிறது. அம்மா சொதியில் அதைக் கண்டதே இல்லை. கணவருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தவறு?

செல்வி:
தேங்காய்ப்பாலில் கொலஸ்ட்ரால் கிடையாது, பயப்படாமல் ஊற்றுங்கள்.

நெல்லைமகள்:
கொலஸ்ட்ராலைக் கேட்கவில்லை அக்கா, மொத்தக் கொழுப்பைத்தான்.

குமார், டொரன்டோ:
'லைட்' டின் வாங்குங்கள், 100 மில்லிக்கு 6 கிராம்தான். நான் பால் பவுடர்தான் கரைக்கிறேன், அதில் மாவுச்சத்து கூடுதலாக வருகிறது. ஏன்?

மீனாட்சி:
சக்கையை மறந்துவிட்டீர்கள் அம்மா. மூன்று பால் பிழிந்த பிறகும் சக்கையில் நிறையக் கொழுப்பு தங்கிவிடும். 83 என்பது தேங்காயின் கணக்கு, சொதியின் கணக்கு அல்ல. பாதிதான் பாலில் இறங்கியது என்று வைத்தால் 42 வரும். அப்படியானால் உங்கள் 72 தான் அதிகம்.

ஏட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். நெல்லை வெயிலில் உறையாதது உங்கள் சமையலறையில் உறைகிறது.

குமார் சொன்னது பாதி சரி. லைட் என்பது பெரும்பாலும் தண்ணீர் கூடிய பால்தான், அதை வீட்டிலேயே செய்யலாம். டின்னில் 250 மில்லி மட்டும் எடுங்கள், 45 கிராம் கொழுப்பு. அதில் 150 மில்லியைத் தண்ணீரில் கரைத்துக் காய்கறியை வேகவிடுங்கள். மீதி 100 மில்லியை முதல் பாலாக, கொதிக்கவிடாமல், கடைசியில் சேருங்கள். ஆளுக்கு 12 கிராம் இருந்தது ஏழரையாகும். பருப்பு, தாளிப்பு எண்ணெய் தனி.

குமார், பவுடர் பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். பல பவுடர்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள், மாவுச்சத்து அங்கிருந்துதான் வருகிறது.

நெல்லைமகள்:
அம்மாவிடம் கேட்டேன். சக்கையை அன்றைக்கே பீன்ஸ் பொரியலில் போட்டுவிடுவாராம்! அப்போது அந்தக் கொழுப்பும் எங்கள் வயிற்றுக்குத்தானே போயிருக்கிறது?

மீனாட்சி:
ஆமாம், ஆனால் அது பொரியலின் கணக்கில் வரும். அங்கே நீங்கள் சக்கை போடுவதில்லை என்றால் சொதியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நெல்லைமகள்:
பாதி என்பதை உறுதி செய்ய வழி உண்டா? அம்மா பாலை அளந்து சொல்வதாகச் சொல்கிறார்.

மீனாட்சி:
அளவு தெரிந்தாலும் அதில் கொழுப்பு எவ்வளவு என்று தெரியாது. மிக்சியில் வெந்நீர் விட்டு அரைத்தால் ஒன்று, கையால் பிசைந்தால் வேறொன்று. டின் கணக்கையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், அதிலாவது எண் அச்சாகியிருக்கிறது.